உறவினர் வீட்டுக்குப் போகும் முன் போனில் சொல்வது எப்படி? முதல் முறை பேசுகிறவர்களுக்கு

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்வரை இந்த வேலை நம் தலையில் விழுவதில்லை. அம்மா போன் போட்டு, "அண்ணி, ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்று சொல்லிவிடுவார். நாம் பின்னாலேயே போய் இறங்குவோம். தனிக்குடித்தனம் வந்த பிறகோ, கல்யாணத்துக்குப் பிறகோ, அம்மாவுக்கு முடியாமல் போன பிறகோதான் அந்தப் போனை நாமே செய்ய வேண்டி வருகிறது. எனக்கும் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. இரண்டு பக்க உறவுக்கும் நானே பேச வேண்டியிருந்தது. என்ன சொல்லித் தொடங்குவது, விஷயத்தை எப்போது எடுப்பது, "வாங்க" என்று சொல்கிறவர் மனதார சொல்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது, எதுவும் பிடிபடாமல் ரொம்பவே திணறினேன். உங்களுக்கு அந்தத் திணறல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் சொல்லப்போவது ஒரே ஒரு சூழல் பற்றி: கொஞ்ச காலமாகப் பேச்சு விட்டுப்போன ஒரு மூத்த உறவினர் வீட்டுக்கு, அத்தையோ பெரியப்பாவோ சித்தியோ, குடும்பத்தோடு போகிறீர்கள். வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிற வீட்டுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போன் வருகையை அறிவிப்பதற்கு மட்டும் இல்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள் "இந்த வாரம் வேண்டாமே" என்று மனக்கஷ்டமில்லாமல் சொல்வதற்கு ஒரு வழி விடுவதற்கும்தான். கீழே வரும் படிகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

1. போனை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு தாள்தான். அதில் இருக்க வேண்டியவை: எந்த நாள், அது சரிப்படாவிட்டால் இன்னொரு நாள், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எத்தனை பேர், அங்கே சாப்பிடுகிறீர்களா, இரவு தங்குகிறீர்களா. போனில் அத்தை கேட்கப்போவதும் இவற்றைத்தான். "இருங்க, அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று நடுவில் நிறுத்தினால் இரண்டு சங்கடம். ஒன்று, நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அவர்களுக்குத் தோன்றும். இரண்டு, நீங்கள் திரும்பக் கூப்பிடும்வரை அவர்கள் தங்கள் வேலை எதையும் முடிவு செய்ய முடியாமல் காத்திருப்பார்கள். கணவனோ மனைவியோ பிள்ளைகளோ, உடன் வருகிறவர்களிடம் முன்பே பேசி முடித்துவிட்டு உட்காருங்கள்.

அடுத்தது நம்பர். நம் போனில் இருப்பது பல வருஷத்துக்கு முன் சேமித்ததாக இருக்கலாம். பழைய தரைவழி போன் எண்ணாகவும் இருக்கலாம். இன்னொரு உறவினரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்படிக் கேட்கும்போதே அந்த வீட்டு நிலவரத்தையும் விசாரித்துவிடுங்கள்: யாருக்காவது உடம்பு சரியில்லையா, வீடு மாறியிருக்கிறார்களா, யாராவது தவறிவிட்டார்களா, பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரமா. ஒருவர் தவறிப்போனது தெரியாமல் அவரைப் பற்றியே சிரித்துக்கொண்டு விசாரிப்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. நம்பர் கேட்கிற உறவினரிடம், "அடுத்த வாரம் அத்தை வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் போன் செய்வதற்குள் அந்தச் செய்தி அத்தை காதுக்குப் போய்விடும். பிறகு நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், "நீங்க வர்றது எனக்கு அடுத்தவங்க சொல்லித்தான் தெரியணுமா?" என்ற வருத்தம் அங்கே முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். "ரொம்ப நாளா அத்தைகிட்ட பேசல, பேசணும்" என்பது போதும். அதுவும் உண்மைதானே.

ஒரே ஊரில் இரண்டு சகோதரர் வீடுகள் இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் பேசிவிடுங்கள், மூத்தவருக்கு முதலில். ஒரு வீட்டுக்கு மட்டும் போக நேரம் இருந்தால்கூட, இன்னொரு வீட்டுக்கும் போன் செய்து, "இந்தத் தடவை அங்க மட்டும்தான் வர முடியுது சித்தப்பா" என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

2. எத்தனை நாளுக்கு முன்?

பகலில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வருகிற வருகை என்றால் மூன்று அல்லது நான்கு நாள் முன்பு சொல்வது சரியாக இருக்கும். இரவு தங்குவதாக இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும், ஏனென்றால் படுக்க இடம் ஒழிக்க வேண்டும், அவர்களுக்கு வெளியூர் வேலை எதுவும் இருந்தால் மாற்ற வேண்டும்.

நிறைய முன்னால் சொல்வது எப்போதும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். வயதானவர்கள் செய்தி கேட்ட அன்றைக்கே தயாராகத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் வந்து போவதை ஒரு மாதம் முன்பே சொன்னால், அந்த மாதம் முழுக்க அது அவர்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது சுத்தமாக மறந்துபோயிருக்கும். தூரத்திலிருந்து பயணச்சீட்டு எடுத்து வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் முதலில் "அந்த மாசம் வர்ற மாதிரி இருக்கோம்" என்று மேலோட்டமாகச் சொல்லிவைத்து, நாள் நெருங்கும்போது இன்னொரு முறை விவரமாகப் பேச வேண்டும்.

அன்று காலையில் போன் செய்து "மதியம் வர்றோம்" என்பதைத் தவிர்த்துவிடுங்கள். "வாங்க" என்றுதான் சொல்வார்கள். வேறென்ன சொல்ல முடியும்? பிறகு வீட்டில் ஒருவர் கடைக்கு ஓட, ஒருவர் வீட்டைக் கூட்ட, ஒருவர் போக வேண்டிய இடத்துக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். செலவு என்று பார்த்தால் உங்கள் போன் கட்டணம் ஒன்றுமே இல்லை. உண்மையான செலவு அந்த வீட்டில்தான் விழுகிறது. எத்தனை பேர், எப்போது என்று தெரிந்தால் அது பாதியாகக் குறையும்.

3. எந்த நேரத்தில்?

பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்கள் என்றால் காலை பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் ஏழுக்குள். காலை வேலை ஓய்ந்து மதியச் சமையல் சூடுபிடிக்காத நேரம் அது. மதியம் இரண்டிலிருந்து நான்குவரை பலர் கண்ணயர்வார்கள். வேலைக்குப் போகிறவர்கள் என்றால், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு. வார இறுதி வருகைக்கு புதன் அல்லது வியாழன் மாலை பேசினால், வார இறுதிக்கு அவர்கள் வேறு திட்டம் போடுவதற்கு முன் உங்கள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

இரவு ஒன்பதுக்கு மேலும் காலை ஏழுக்கு முன்னும் கூப்பிடவே வேண்டாம். அபூர்வமாகப் பேசுகிற உறவினரிடமிருந்து அந்த நேரத்தில் போன் வந்தால், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பெரியவர்களுக்கு முதலில் தோன்றும். வேறு நாட்டிலிருந்து பேசுகிறீர்கள் என்றால் மணி பார்க்க வேண்டியது அவர்கள் கடிகாரத்தில். வருஷத்தில் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிற நாடுகளில் இருப்பவர்கள் ஒரு மணி நேர வித்தியாசத்தை மறந்துவிட வேண்டாம்.

எடுக்கவில்லையா? ஒருமுறையோடு விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை முயலுங்கள். குளித்துவிட்டு வந்து போனைப் பார்க்கிறவருக்கு உங்கள் பெயரில் ஐந்து தவறிய அழைப்புகள் தெரிந்தால் கை நடுங்கும். இடையில் ஒரு செய்தி அனுப்பிவைக்கலாம்: "அத்தை, இங்க எல்லாரும் நலம். உங்ககிட்ட பேசணும்னுதான் கூப்பிட்டேன். சாயங்காலம் திரும்பக் கூப்பிடறேன்." முதல் வரியே நலம் என்று இருக்க வேண்டும். "அர்ஜென்ட், கூப்பிடுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள்.

வீடியோ அழைப்பில் தொடங்காதீர்கள். அவர் எந்தக் கோலத்தில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அதேபோல, வாட்ஸ்அப்பில் "ஞாயிறு வருகிறோம்" என்று எழுதிப்போட்டு முடித்துக்கொள்வதும் மூத்தவர்களிடம் எடுபடாது. செய்தி என்பது பேசி முடித்த பிறகு நினைவுக்காக அனுப்புவது.

4. முதல் இரண்டு நிமிடம்

யார் பேசுகிறீர்கள் என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். உறவுமுறை, உங்கள் பெயர், உங்கள் அப்பா அல்லது அம்மா பெயர், மூன்றும் வர வேண்டும். "யார்னு சொல்லுங்க பார்ப்போம்" என்ற விளையாட்டு வேண்டவே வேண்டாம். காது மந்தமானவருக்கும் நினைவு தப்புகிறவருக்கும் அது ஒரு பரீட்சை. சொந்த மருமகளின் குரல் தெரியவில்லையே என்ற கூச்சத்தில் அவர் சுருங்கிப்போவார், அப்புறம் பேச்சு ஒட்டாது.

வேறு யாராவது எடுத்தால் உடனே "அத்தைகிட்ட குடுங்க" என்று தாண்டிப்போகாதீர்கள். பேரனாக இருந்தாலும் மருமகனாக இருந்தாலும், நீங்கள் யார் என்று சொல்லி, அவரையும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கேளுங்கள். நீங்கள் போகும்போது கதவைத் திறக்கப்போகிறவரும் அவராக இருக்கலாம்.

பெரியவர் வந்ததும், "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, "இப்ப பேசலாமா, கை வேலையா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் சொல்வார்கள். அப்படிச் சொன்னால், எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிடுவது என்று கேட்டு வைத்துவிடுங்கள். "ரெண்டே நிமிஷம்தான்" என்று பிடித்துவைக்காதீர்கள்.

பிறகு விசாரிப்பு. "நல்லா இருக்கீங்களா?" என்பதற்கு "நல்லா இருக்கோம்" என்று பதில் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக் கேளுங்கள்: "முழங்கால் வலின்னு அம்மா சொன்னாங்களே, இப்ப மாடி ஏற முடியுதா?" பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவர் சொன்னதிலிருந்து இன்னொரு கேள்வி கேளுங்கள். ஒரு விஷயத்தை உண்மையாகக் கேட்டாலே போதும், வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வரிசையாக விசாரித்தால் அது படிவம் நிரப்புவது போல் ஆகிவிடும்.

ரொம்ப நாள் பேசாமல் இருந்திருந்தால், "இப்பதான் எங்க ஞாபகம் வந்துச்சா?" என்று ஒரு வார்த்தை வரும். இதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு இது நல்ல அறிகுறியாகத்தான் தோன்றுகிறது, உரிமை இருக்கிறவர்தான் அப்படிக் கேட்பார். வேலை, பிள்ளைகள் படிப்பு, உடம்பு என்று காரணங்களை அடுக்காதீர்கள். அவருக்கும் வேலை இருந்தது, உடம்பு முடியாமல் இருந்தது. "நீங்களும்தான் கூப்பிடல" என்று திருப்பிச் சொல்வதும் வேண்டாம். "ஆமா அத்தை, ரொம்ப நாளாயிடுச்சு. அதான் நேர்லயே வந்து பார்க்கலாம்னு கூப்பிட்டேன்" என்று ஏற்றுக்கொண்டால், விஷயத்துக்கும் வந்துவிட்டீர்கள்.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று நிமிடம்தான். கால் மணி நேரம் ஊர்க்கதை பேசி, வைக்கப்போகும்போது "அப்புறம், ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்றால், இவ்வளவு நேரம் பேசியது அதற்காகத்தான் என்று அவருக்குத் தோன்றிவிடும். விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

5. வருகையைச் சொல்லும் வாக்கியம்

பெரும்பாலானவர்கள் தொடங்கும் கேள்வி: "ஞாயித்துக்கிழமை வீட்லதானே இருப்பீங்க?" கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஆளை மடக்கிவிடும். எதற்குக் கேட்கிறோம் என்று தெரியாமல் "ஆமா, இருப்போம்" என்று சொல்லிவிடுவார். அடுத்து நீங்கள் "அப்ப வர்றோம்" என்றால், அன்றைக்கு அவருக்கு வேறு அசௌகரியம் இருந்தாலும் இனி எப்படி மறுப்பது? ஆகவே நோக்கத்தை முதலில் வையுங்கள், நாளை அடுத்துக் கேளுங்கள், தள்ளிப்போட வழியைக் கடைசியில் விடுங்கள். "உங்களையும் மாமாவையும் பார்க்க வரலாம்னு இருக்கோம் அத்தை. சனி, ஞாயிறு ரெண்டுல எது உங்களுக்குத் தோது? ரெண்டும் சரிப்படலைன்னா அடுத்த வாரம் வர்றோம், எங்களுக்கு அவசரம் எதுவும் இல்ல." நாள் இரண்டு கொடுத்தால் ஒன்றை விலக்குவது அவருக்குச் சுலபம்.

அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கோ வேறு வேலைக்கோ போகும் வழியில் வருகிறீர்கள் என்றால், அதை அப்படியே சொல்லிவிடுங்கள். "உங்களைப் பார்க்கணும்னே வர்றோம்" என்று சொல்லிவைத்தால், நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே பிள்ளைகள் வாயிலிருந்து உண்மை வந்துவிடும்.

சாப்பாட்டு விஷயம்தான் இருப்பதிலேயே சிக்கலானது. "எங்களுக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்பதை யாரும் நம்புவதில்லை. உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சமைத்து வைத்துவிடுவார்கள். நீங்களோ சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அதனால் பொதுவாகச் சொல்லாமல் நடக்கப்போவதைச் சொல்லுங்கள்: "மதியச் சாப்பாட்டை வழியிலேயே முடிச்சிட்டு நாலு மணிக்கு வர்றோம், ஆறரைக்குக் கிளம்பிடுவோம்." நாலு மணி என்று நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பன்னிரண்டரைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு வேண்டாம் என்றால் அது யாருக்கும் ஒத்துவராது. "அதெப்படி, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அவர் அழுத்திச் சொன்னால் இழுபறி செய்யாமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட கையோடு எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளைக்கு என்ன சேராது என்பதைச் சொல்லிவிடுங்கள். இலையில் போட்ட பிறகு சொல்வதைவிட இது நூறு மடங்கு மேல்.

6. "வாங்க" என்பதற்குள் இருக்கும் "வேண்டாம்"

நம் பெரியவர்கள் வராதே என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் குரலில் தெரியும். உடனே "வாங்க வாங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் சந்தேகமில்லை. ஒரு சின்ன மௌனம் விழுந்து, "சரி... வாங்க, பார்த்துக்கலாம்" என்று வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. "வந்தா வாங்க", "அன்னிக்கு இவருக்கு ஏதோ வேலைன்னார், பரவால்ல", எப்போது வருவீர்கள் என்று கேட்பதற்கு முன்பே எப்போது கிளம்புவீர்கள் என்று விசாரிப்பது, போனைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் இருப்பவரிடம் பேசுவது, எல்லாம் அதே வகை.

ஒன்று மட்டும் வந்தால் தற்செயலாக இருக்கலாம். இரண்டு சேர்ந்து வந்தால் நீங்களே வாயைத் திறந்து தள்ளிப்போடுங்கள். "ஏன், என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். கையில் பணமில்லாமல் இருக்கலாம், வீட்டுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கலாம், அதைப் போனில் எப்படிச் சொல்வார்? "அடுத்த மாசம் வந்தா எங்களுக்கும் கொஞ்சம் சௌகரியம் அத்தை" என்று காரணத்தை உங்கள் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

"எப்ப வேணா வாங்க, சொல்லிட்டுத்தான் வரணுமா?" என்பது தனி வகை. அன்பு உண்மை, ஆனால் அது எந்த நாளுக்கும் ஆன சம்மதமில்லை. சிரித்துவிட்டு நாளையும் மணியையும் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

7. ஒரு முழு உரையாடல்

அண்ணன் மகள் அத்தைக்குப் போன் செய்கிறாள். கணவர், இரண்டு பிள்ளைகள், ஆக நான்கு பேர். வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. பெயரைச் சொல்லி அறிமுகம் ஆகிவிட்டது.

"அத்தை, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். இப்ப பேசலாமா?"

"பேசும்மா. இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும் இந்த அத்தையை?"

"ரொம்ப நாளாயிடுச்சு அத்தை. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுன்னு அப்பா சொன்னாங்க. இப்ப பார்வை எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா. டிவி பார்க்கக் கூடாதுன்னா கேக்க மாட்டேங்கறார்."

"சொட்டு மருந்து யார் போட்டு விடறாங்க, நீங்களா?"

"நான்தான். ஒரு நாளைக்கு நாலு வேளை. என் கண்ணு ஒழுங்கா தெரிஞ்சாத்தானே..."

"அதான் அத்தை, உங்க ரெண்டு பேரையும் வந்து பார்க்கலாம்னு இருக்கோம். சனிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு, இல்லன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எது தோதுப்படும்?"

"சனிக்கிழமையா... வாங்க, அதுக்கென்ன. பார்த்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமைன்னா எங்களுக்கும் நிதானமா இருக்கும் அத்தை. நாலு மணிக்கு வர்றோமே?"

"ஞாயித்துக்கிழமையே வாங்கம்மா. சனிக்கிழமை மாமாவைக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போகணும், எப்ப திரும்புவோம்னு தெரியாது."

அந்த "பார்த்துக்கலாம்" காதில் விழுந்ததால்தான் அடுத்த கேள்வி வந்தது. சனிக்கிழமையே என்று முடித்திருந்தால், அத்தை மருத்துவமனைத் தேதியைத் தள்ளியிருப்பார், சொல்லியும் இருக்க மாட்டார்.

"சரி அத்தை. மதியம் சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு வர்றோம், நாங்க நாலு பேர். ஆறரைக்குக் கிளம்பிடுவோம். மாமாவுக்கு மருந்து ஏதாவது அங்க கிடைக்காம இருக்கா? வரும்போது வாங்கிட்டு வர்றேன்."

"மருந்தெல்லாம் இருக்கு. அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் உடைஞ்சு போச்சு."

"நான் வாங்கிட்டு வர்றேன். வீட்ல அண்ணி இருக்காங்களா? ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

"என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டிருந்தால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வந்திருக்கும். மருந்து என்று குறிப்பாகக் கேட்டதால் கண்ணாடி உடைந்தது தெரிந்தது.

8. அந்த வீட்டை நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை

மேலே அண்ணியைக் கேட்டது மரியாதைக்காக மட்டும் இல்லை. போனை எடுப்பவர் அத்தை, வீட்டு வேலை முழுக்கப் பார்ப்பவர் மருமகள். அத்தை சம்மதம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்ல மறந்துபோகலாம், அல்லது கடைசி நேரத்தில் சொல்லலாம். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தன் பிறந்த வீட்டுக்குப் போவதாக இருந்திருக்கலாம். நீங்கள் வந்து இறங்கும்போது அந்த வீட்டில் யார் முகம் எப்படி இருக்கும் என்பதை இந்த ஒரு வார்த்தைதான் தீர்மானிக்கிறது. "அண்ணி, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நாங்க வர்றோம்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கேன், உங்களுக்கு வேற வேலை எதுவும் இல்லையே?" என்று கேளுங்கள். அவர் இல்லையென்றால் அன்றைக்கே அவருக்குத் தனியாகப் போன் செய்யலாம், அல்லது செய்தி அனுப்பலாம்.

பேசி முடித்ததும் விவரத்தை எழுதி அனுப்புங்கள். நினைவு தப்புகிற பெரியவர்கள் உள்ள வீட்டில் இது கட்டாயம். "அத்தை, பேசினதுல ரொம்ப சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு வர்றோம். நாங்க 4 பேர். மதியச் சாப்பாடு முடிச்சிட்டு வர்றோம். மாமாவுக்குக் கண்ணாடி வாங்கிட்டு வர்றேன்." கிழமையோடு தேதியையும் போட்டுவிட்டால் எந்த ஞாயிறு என்ற குழப்பம் வராது.

9. முந்தைய நாளும், வழியிலும்

முந்தைய நாள் மாலை இன்னொரு போன். ஒரே நிமிடம்: "நாளைக்கு நாலு மணிக்கு வர்றோம் அத்தை, மாற்றம் எதுவும் இல்லையே?" வீட்டு நிலைமை மூன்று நாளில் மாறியிருக்கலாம், அதைச் சொல்ல அவர்களாகக் கூப்பிடத் தயங்கியிருக்கலாம். கூட ஒருவர் சேர்ந்து வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது ஒரு செய்தி போதும். வழியில் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் போன் செய்து புது நேரத்தைச் சொல்லுங்கள். "வந்துட்டே இருக்கோம்" என்று சொன்னால் அவர்கள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பார்கள், "அஞ்சு மணி ஆயிடும்" என்று சொன்னால் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பார்கள்.

போக முடியாமல் போனால் செய்தியில் சொல்லாமல் பேசித்தான் சொல்ல வேண்டும். தெரிந்த உடனே சொல்லுங்கள். மாலை வரை பார்க்கலாம் என்று வைத்திருந்தால் அதற்குள் அங்கே எல்லா ஏற்பாடும் முடிந்திருக்கும். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி, வருத்தத்தைச் சொல்லி, அத்தை பேச இடம் கொடுங்கள். அடுத்த தேதி உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதே போனில் சொல்லலாம். தெரியாவிட்டால், "நாள் முடிவானதும் நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணிக்கும் ஒரு போன் செய்துவிடுங்கள். வாங்கி வைத்த கண்ணாடியை அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், மாமாவுக்கு அது இந்த வாரமே தேவை.